‘ஆட்கள் தேவை’: நான்கு வரிகளுக்குள் ஒரு வேலை ஒப்பந்தம்

‘ஹோட்டலுக்கு ஆட்கள் தேவை. சப்ளையர் 3, கிச்சன் ஹெல்பர் 3. உணவு, தங்குமிடம் இலவசம். 10 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் லீவு. சம்பளம் 15,000.’ தமிழ்நாட்டின் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரிலும் இப்படியொரு அறிவிப்பைப் பார்க்கலாம். நாளிதழின் வரி விளம்பரங்களிலும் இதே வாசகங்கள்தான் வரும். வேலைக்கு வருபவருக்கும் முதலாளிக்கும் பெரும்பாலும் இதைத் தவிர வேறு எழுத்து ஒப்பந்தம் கிடையாது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் நின்று படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 10 மணி நேரம். டிபன் கடையில் கூட்டம் காலையிலும் இரவிலும்தான். ஆகவே காலை 6 முதல் 11 வரை, பிறகு மாலை 5 முதல் இரவு 10 வரை என்று வேலையை இரண்டாக வெட்டிவிடுவார்கள். நடுவில் இருப்பது பிரேக். கணக்குக்கு 10 மணி நேரம்தான். ஆனால் விடியலில் எழுந்தவர் படுக்கப் போக இரவு 11 ஆகிவிடும். கடை மாடியிலேயே தங்கியிருப்பவர் பகலில் கொஞ்சம் தூங்கலாம். வீடு எட்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அந்த பிரேக் பஸ்ஸிலேயே கரைந்துபோகும். ஒரே மூச்சில் முடிகிற ஷிஃப்டா, பிரேக் விட்ட ஷிஃப்டா என்று விளம்பரத்தில் சொல்லாததால்தான் பலர் வந்த வாரத்திலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் 1958-ஆம் ஆண்டு வந்தது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அது வைத்த வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. மேலே சொன்ன கடையில் இரு வேளையும் அரை மணி நேரம் சாப்பாட்டுக்குக் கழித்தாலும் நாளுக்கு 9 மணி, ஆறு நாளுக்கு 54 மணி ஆகிறது. வாரம் 6 மணி அதிகம். 15,000 ரூபாயை 26 நாளுக்கும் 8 மணி நேரத்துக்கும் பிரித்தால் மணிக்குச் சுமார் 72 ரூபாய். இரட்டிப்பாக 144. அந்த 6 மணிக்கு வாரம் 864 ரூபாய் தனியாக வர வேண்டும். அது 15,000-க்குள் அடக்கமா, மேலேயா என்பதை விளம்பரம் சொல்வதே இல்லை.

அடுத்தது வார லீவு. ஆளை அதிகம் ஏமாற்றும் வரி இதுதான்; முதலாளி வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது, பல கடைகளில் கணக்கே தப்பாக இருக்கிறது. தினமும் ஆறு பேர் நின்றால்தான் கடை ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 42 ஆள்நாள் வேண்டும். லீவு போக ஒருவர் செய்வது ஆறு நாள். 42-ஐ ஆறால் வகுத்தால் ஏழு பேர். ஆறே பேரை எடுத்துவிட்டு எல்லோருக்கும் லீவு என்று எழுதினால், வாரம்தோறும் அந்த ஆறு பேருமே லீவை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ‘இந்த வாரம் மட்டும் வந்துடுப்பா, அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கோ’ என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. சேரப் போகிறவர் இதைக் கண்டுபிடிப்பது எளிது. மாற்றாள் யார், தனக்கு எந்தக் கிழமை லீவு என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். கிழமையைச் சொல்ல முடியாத கடையில் லீவு நிச்சயமில்லை. லீவு நாளுக்குச் சம்பளம் உண்டா என்பதும் கூடவே கேட்க வேண்டியது. நாள் கூலி 500 என்று வைத்து லீவைப் பிடித்தால் 15,000 என்பது 13,000 ஆகிவிடும்.

சாப்பாடு இலவசம் என்பதிலும் வேளை முக்கியம். சப்ளையர் காலை டிபனைச் சாப்பிட உட்காரும்போது பல கடைகளில் மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஊழியர்களுக்கென்று சோறு, குழம்பு தனியாக வடிக்கும் கடைகள் உண்டு. விற்காமல் நின்றதைக் கொடுக்கும் கடைகளும் உண்டு. லீவு நாளில் மாடியில் தங்கியிருப்பவருக்குச் சாப்பாடு உண்டா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடை என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 15,000-க்கு 112 ரூபாய் சொச்சம். கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கும் ஹெல்பருக்கு அந்தச் சிகிச்சை உரிமை சின்ன விஷயமல்ல. ஆனாலும் விளம்பரங்களில் அது அரிதாகத்தான் கண்ணில் படுகிறது.

இதையெல்லாம் சேர்த்தாலும் விளம்பரம் நீளப் போவதில்லை. ‘சப்ளையர் 3, கிச்சன் ஹெல்பர் 4. காலை 6–10.30, மாலை 5.30–9.30, நடுவில் பிரேக். சம்பளம் 15,000, லீவு நாளுக்கும் உண்டு. ஆளுக்கொரு கிழமை லீவு, சேரும்போதே சொல்லப்படும். மூன்று வேளை உணவு, லீவு நாளிலும். தங்க மாடியில் அறை. இ.எஸ்.ஐ. உண்டு.’ அதன் கீழே போன் எண்ணுடன் ‘மதியம் 3 முதல் 5 வரை அழைக்கவும்’ என்று போட வேண்டும். இன்னொரு ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டே வேறு இடம் தேடும் சப்ளையர் பிரேக்கில் இருப்பதும், முதலாளி கல்லாவை விட்டுப் பேச நேரம் கிடைப்பதும் அப்போதுதான்.