11 முதல் 15 வரை: எத்தனை நாள் விடுப்பு?

தமிழக அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் இளநிலை உதவியாளர் ஒருவர், லீவு லெட்டருக்காக ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருக்கிறார்: ஜூன் 11 வியாழன், தங்கை கல்யாண வரவேற்பு. 12 வெள்ளி, முகூர்த்தம். 15 திங்கள், அம்மாவுக்குக் கண் அறுவைக்குப் பிந்தைய பரிசோதனை. இடையில் சனி, ஞாயிறு.

அவசரத்தில் பலரும் ‘குடும்பக் காரணங்களால் 11 முதல் 15 வரை விடுப்பு வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இது மூன்று நாளா, ஐந்து நாளா? 15ஆம் தேதி விடுப்பா, அன்றைக்கே வேலைக்கு வருகிறாரா? மேலாளர் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

கேட்பது தற்செயல் விடுப்பு. ஆண்டுக்கு 12 நாள் உண்டு. நடுவில் வரும் விடுமுறை நாள்கள் இந்தக் கணக்கில் கழிவதில்லை. ஆனால் அவற்றையும் சேர்த்துத் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் போகக் கூடாது. இங்கே கழிவது மூன்று நாள், அலுவலகத்தில் இல்லாதது ஐந்து நாள். இரண்டும் கடிதத்தில் தெரிய வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் எழுதிய பின் இப்படித் தொடரலாம்:

‘ஐயா, என் தங்கையின் திருமணத்தை முன்னிட்டு 11.06.2026, 12.06.2026 ஆகிய இரு நாள்களும், என் தாயாரை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல 15.06.2026 அன்றும், ஆக மூன்று நாள்கள் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடையிலுள்ள 13, 14 ஆகிய விடுமுறை நாள்களைத் துய்க்கவும், தலைமையிடத்தை விட்டு வெளியூர் செல்லவும் அனுமதி வேண்டுகிறேன். 16.06.2026 முற்பகல் பணிக்குத் திரும்புவேன்.’

துண்டுத்தாளில் மூன்று குறிப்பு இருந்தது. கடிதத்தில் காரணம் இரண்டுதான். வரவேற்பும் முகூர்த்தமும் ஒரே கல்யாணம் என்பதால் சேர்ந்துகொண்டன. பரிசோதனையைத் தனியே நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. திங்கட்கிழமை ஆய்வுக்கூட்டம் இருந்தால், மேலாளர் முதல் இரண்டு நாளை மட்டும் அனுமதிக்க நினைக்கலாம். எந்தத் தேதி எந்தக் காரணத்துக்கு என்று தெரிந்தால்தான் அப்படிப் பிரிக்க முடியும். அம்மாவுக்கு என்ன சிகிச்சை என்ற விவரமெல்லாம் தற்செயல் விடுப்புக்குத் தேவையில்லை. விடுப்பில் இருக்கும்போது தன் கோப்புகளை யார் பார்ப்பார் என்று ஒரு வரி சேர்த்தால், மேலாளர் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

தேதி வாரியாக எழுதுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பரிசோதனையை மருத்துவர் தள்ளிவைத்தால், 15ஆம் தேதிக்கான விடுப்பை மட்டும் ரத்து செய்யச் சொல்லி இரண்டு வரி எழுதிக்கொடுத்துவிட்டு அன்றே பணிக்கு வரலாம். அந்த ஒரு நாள் அவர் கணக்கிலேயே இருக்கும்.