‘லீவில் இருக்கிறேன்’ என்றால் போதுமா? யாரிடம் போவது என்றும் எழுதுங்கள்

வந்தாறுமூலையில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு வெளிநாடுகளிலிருந்தும் மின்னஞ்சல்கள் வருகின்றன. இடம்பெயர்வுகளில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் ஒரு பிரதிக்காகவோ, உறுதிப்படுத்தும் கடிதத்துக்காகவோ எழுதுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கிழமை லீவில் நின்றேன். போகுமுன் தானியங்கிப் பதிலில், “நான் விடுமுறையில் இருக்கிறேன். அவசரமெனில் அலுவலகத்துடன் தொடர்பு கொள்ளவும்” என்று எழுதிவிட்டுப் போனேன். அந்தக் கிழமை கனடாவிலிருந்து ஒருவர் கடிதம் கேட்டு எழுதியிருந்தார். என் பதில் அவருக்குப் போயிருக்கிறது. ஆனால் அலுவலகம் என்றால் யார், நான் எப்போது வருவேன் என்று அதில் இல்லை. அவர் காத்திருந்தார். நான் திரும்பி வந்தபோது அவருடைய இறுதித் திகதி கடந்து இரண்டு நாள். பக்கத்து மேசையில் இருந்தவர் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்திருக்கக்கூடிய வேலை அது.

‘ஐயா இல்லை, நாளைக்கு வாங்க’ என்று கேட்டு எத்தனையோ தடவை கந்தோர் வாசலிலிருந்து திரும்பிய சனங்கள் நாங்கள். அதையே நான் மின்னஞ்சலில் சொல்லியிருந்தேன்.

இப்போது நான் முதலில் செய்வது பதில் கடமை பார்ப்பவரிடம் பேசுவது. லீவு விண்ணப்பத்தில் அவர் கையொப்பமிட்டிருப்பார். ஆனால் வெளியிலிருந்து எழுதுபவருக்கு அது தெரியாது. கோப்பு எங்கே இருக்கிறது, கடிதத்தில் கையொப்பமிட அவருக்கு அதிகாரம் உண்டா, இல்லையெனில் யார் கையொப்பமிடுவார் என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே அவரைக் குறிப்பிடுவேன். அவருடைய சொந்தக் கைபேசி இலக்கத்தைக் கொடுப்பதில்லை. தானியங்கிப் பதில் முன்பின் தெரியாதவருக்கும் போகும். பதவிப் பெயர், பிரிவின் பொது மின்னஞ்சல், 065 இல் தொடங்கும் அலுவலகத் தொலைபேசி ஆகியவை போதும். லீவுக்கான காரணத்தையும் போகும் ஊரையும் எழுதத் தேவையில்லை.

உதாரணத்துக்கு, 2025 யூலை 14 திங்கள் முதல் 18 வெள்ளி வரை லீவு என்று வைப்போம். பதில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். நான் 2025 யூலை 14 முதல் 18 வரை விடுமுறையில் இருக்கிறேன். யூலை 21 திங்கட்கிழமை கடமைக்குத் திரும்புவேன். அதுவரை இந்த மின்னஞ்சலை யாரும் பார்க்கமாட்டார்கள். கடிதம், சான்றிதழ் தொடர்பான அவசர வேலைகளுக்கு, உங்கள் மின்னஞ்சலை எமது பிரிவின் பதில் கடமை உத்தியோகத்தருக்கு ...... என்ற முகவரிக்கு மீண்டும் அனுப்புங்கள். தொலைபேசி 065 .......”

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். மாதத்தைச் சொல்லாக எழுதியிருக்கிறேன். 7/8 என்று போட்டால் எங்களுக்கு ஓகஸ்ட் 7, அமெரிக்காவில் இருப்பவருக்கு யூலை 8. மற்றது, “மீண்டும் அனுப்புங்கள்” என்ற சொல். தானியங்கிப் பதில் வந்த மின்னஞ்சலை அடுத்தவருக்குத் தள்ளிவிடாது. அதைச் சொல்லாவிட்டால், ஏற்கெனவே அவருக்கும் போயிருக்கும் என்று எழுதியவர் நினைத்துக்கொள்வார். இதே செய்தியைக் கீழே ஆங்கிலத்திலும், தேவையெனில் சிங்களத்திலும் சேர்த்துவிடுவேன்.

ஜிமெயிலில் இதைப் போட, கணினியில் Settings, பிறகு See all settings என்று போய், General பக்கத்தின் அடியில் Vacation responder on என்பதைத் தெரிய வேண்டும். First day என்பதில் தரும் நாள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி, Last day என்பதில் தரும் நாள் இரவு 11.59க்கு முடியும். மேலே சொன்ன லீவுக்கு முதல் நாளாக யூலை 12 சனியையும், கடைசி நாளாக 20 ஞாயிறையும் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் சனி, ஞாயிறில் எழுதுபவருக்கு ஒன்றும் போகாது. பெட்டியின் அடியில், தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பு என்ற தெரிவு இருக்கும். அதைத் தெரிந்தால் கனடாக்காரருக்குப் பதில் போகாது. கடைசியில் Save Changes அழுத்தாவிட்டால் எதுவும் பதியாது.

இதற்கு எல்லையும் உண்டு. ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினால் ஜிமெயில் ஒவ்வொரு தடவையும் பதில் அனுப்பாது. நான்கு நாட்கள் கழித்து எழுதினால்தான் மறுபடி போகும். ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்த மின்னஞ்சலுக்குப் பதிலே போகாது. ஆகவே திரும்பி வந்த அன்று அந்தப் பெட்டியையும் திறந்து பார்க்கவேண்டும்.

தானியங்கிப் பதில் தொடங்கியதும் வீட்டிலுள்ள ஒருவரின் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். வரும் பதிலில் உள்ள இலக்கத்துக்கு அலுவலக நேரத்தில் அழைத்தும் பாருங்கள். எடுப்பவருக்கு உங்கள் லீவு பற்றித் தெரியாவிட்டால், அந்தப் பதிலைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.