பத்தடி அறைக்குள் ஒரு மெய்நிகர் உலகம்

தெலுக் இந்தானில் ஒரு தாமான் வீட்டின் சின்ன அறையை எடுத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் பத்தடி, அதாவது ஏறக்குறைய 3 மீட்டர். ஒரு பக்கச் சுவரை ஒட்டிக் கட்டில் கிடக்கிறது. எதிரே டிவி மேசை, தலைக்கு மேலே காற்றாடி. இந்த அறைக்குள் பிளேஸ்டேஷன் 4-ஐயும் அதன் வி.ஆர். தலைக்கருவியையும் பொருத்த முடியுமா? முடியும். ஆனால் கேமராவுக்கும் கம்பிக்கும் இடம் பார்த்த பிறகே நாற்காலிக்கு இடம் பார்க்க வேண்டும்.

2016-இல் வந்த இந்தத் தலைக்கருவி தன் இருப்பிடத்தைத் தானே அறிவதில்லை. அதன் முன்னும் பின்னுமாக நீல நிறத்தில் ஒளிரும் 9 விளக்குகள் உள்ளன. டிவி பக்கம் வைக்கும் இரட்டை லென்ஸ் கேமரா அவற்றைப் பார்த்து, உங்கள் தலை எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. தலை திரும்புவதைக் கருவிக்குள் இருக்கும் உணரிகள் சொல்லிவிடும். முன்னே சாய்வதையும் பக்கவாட்டில் நகர்வதையும் சொல்வது கேமராதான்.

சோனி பரிந்துரைக்கும் இடம் ஏறக்குறைய 3 மீட்டர் ஆழம், 1.9 மீட்டர் அகலம். கேமராவுக்கு மிக அருகே உள்ள 60 சென்டிமீட்டர் பயன்படாது. நம் அறையில் கட்டில் ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டால் அகலத்தில் 2 மீட்டர் மிஞ்சும். கேமராவிலிருந்து 1.5 மீட்டரில் நாற்காலியைப் போட்டால் போதும். நின்று கைவீசி ஆடுவதை மட்டும் இந்த அறையில் மறந்துவிடுங்கள். மேலே காற்றாடி சுற்றுகிறது.

கேமராவை டிவி மேசையின் மேல் தாழ்வாக வைப்பது பலரின் பழக்கம். அப்போது அது அண்ணாந்து பார்க்கும். உத்தரத்து விளக்கும் படத்துக்குள் வரும். நீட்டிய கைகளும் முழங்காலும் விளக்குகளை மறைக்கும். டிவியின் மேல் விளிம்பில், உட்கார்ந்தவரின் முகத்தைச் சற்றே குனிந்து பார்க்கும்படி வைப்பதே நல்லது. பிறகு Settings > Devices > PlayStation VR என்ற பகுதியில் Confirm Your Position என்பதைத் திறந்தால், கேமரா காண்பதை நாமும் காணலாம். முகம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்ததோடு நிறுத்தாமல், பின்னணியில் வேறு ஏதாவது பளிச்சிடுகிறதா என்றும் பாருங்கள். அலமாரிக் கண்ணாடி, மாலை வெயில் விழும் சன்னல், சாமி மேடையின் விளக்கு, தீபாவளிக்குக் கட்டி அவிழ்க்காமல் விட்ட வண்ண விளக்குச் சரம் எல்லாமே கேமராவைக் குழப்பக்கூடியவை. நீங்கள் அசையாமல் இருக்கும்போதே காட்சி நடுங்கினாலோ மெல்ல ஒருபக்கம் நழுவினாலோ இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கண்ணாடிக்கு ஒரு துணி, சன்னலுக்குத் திரை. அதன்பின் Adjust Tracking Lights என்பதைச் செய்து பாருங்கள்.

அடுத்தது கம்பி. முதல் மாடலில் தலைக்கருவிக்கும் செயலிப் பெட்டிக்கும் நடுவே மொத்தம் 4.4 மீட்டர். டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கம்பியைக் கேம் பெட்டியிலிருந்து பிடுங்கிச் செயலிப் பெட்டியில் செருக வேண்டும். செயலிப் பெட்டியிலிருந்து கேம் பெட்டிக்கு இன்னொரு எச்டிஎம்ஐ கம்பியும் ஒரு யுஎஸ்பி கம்பியும் போகும். கேமரா, கேம் பெட்டியின் பின்புறம் உள்ள தனித் துளையில் சேரும்.

கம்பி தலைக்கருவியின் இடப்பக்கத்திலிருந்து இறங்குவதால், செயலிப் பெட்டியையும் உங்கள் இடக்கைப் பக்கம், மேசையின் ஓரத்தில் வையுங்கள். அங்கிருந்து சுவரோரமாக 2 மீட்டர், நாற்காலியின் பின்கால் வரை 0.8 மீட்டர், தலைக்கு ஏற 1.2 மீட்டர் என மொத்தம் 4 மீட்டர் ஆகும். மீதி 40 சென்டிமீட்டர் தலை திரும்புவதற்கு. நாற்காலிக் காலில் கம்பியை இறுகக் கட்டாமல் தளர்வாக ஒரு வளையம் போட்டால், இழுவை தலைக்கு வராது. முன்பக்கமாக நேரே கொண்டுவந்தால் நீளம் மிச்சம்தான். ஆனால் கம்பி காலடியில் கிடக்கும், கண்ணோ மூடியிருக்கும்.

உத்தரத்தில் கொக்கி மாட்டித் தொங்கவிடலாமே என்று தோன்றலாம். 60 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து 3 மீட்டர் உயர உத்தரத்துக்கு ஏற 2.4, குறுக்கே 1.5, தலைக்கு இறங்க 1.8. கூட்டினால் 5.7 மீட்டர் வரும், எட்டாது. நீட்டிப்புக் கம்பி போட்டு எட்டவைத்தாலும், காற்றாடிக்குப் பக்கத்தில் கம்பி தொங்குவது ஆபத்து.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் இந்தப் பழைய தலைக்கருவியை வாங்கினால், பழைய கேமராவும் அதற்கான சோனி இணைப்பானும் தேவை. பிளேஸ்டேஷன் 5-இன் சொந்தக் கேமரா இதற்கு உதவாது. 2023-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் கேமராக்கள் தலைக்கருவியிலேயே இருப்பதால் டிவி மேல் எதையும் வைக்க வேண்டியதில்லை. கம்பியும் ஒன்றே ஒன்று, 4.5 மீட்டர். ஆனாலும் சுவரோரப் பாதை அதற்கும் இதேதான்.