‘எனக்கு வேண்டாம்’: விழிஞ்ஞத்துக்காரர் அன்று சொன்னதும் இன்று சொல்வதும்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் சிந்துயாத்திரை மாதா கோயில். கடலில் போகிறவர்களைக் காக்கிற மாதா. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பிழைப்புக்காக வெளிநாடு போனார்கள். போன இடத்தில் வேலைக்கூட்டாளி விருந்தில் கோப்பையை நீட்டும்போது பள்ளிவாசல் பக்கத்துப் பையனுக்கு இரண்டு சொல் போதும்: “நான் முஸ்லிம்.” நீட்டியவர் தலையாட்டிவிட்டு ஆரஞ்சுச் சாறு எடுத்துவரப் போய்விடுவார். கோயில் பக்கத்துப் பையனுக்கு அந்த வசதி இல்லை. கழுத்தில் சிலுவைச் சங்கிலி தொங்குகிறது. “நான் குடிப்பதில்லை” என்று அவன் சொன்னால், எதிரே நிற்கும் பிலிப்பினோவோ குரோஷியரோ, அவரும் கத்தோலிக்கர்தான், புருவத்தை உயர்த்துவார். “பூசையிலேயே திராட்சை இரசம் உண்டே, உனக்கென்ன தடை?”

அவனுக்கு வேதத்தில் தடை இல்லை. இருப்பதெல்லாம் கரையில் பார்த்தது. மீன் பட்ட நாளில் கைக்கு வந்த பணம் வீட்டுக்கு வருமுன் எங்கே போகும் என்று திருவனந்தபுரம் முதல் குளச்சல் வரை எந்தக் கடற்கரைப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். 1996 ஏப்ரல் 1 அன்று ஏ.கே. அந்தோணி அரசு கேரளத்தில் சாராயத்தைத் தடை செய்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட பெண்களின் கண்ணீரும் இருந்தது, கோயில்களின் மதுவிலக்குப் பிரச்சாரமும் இருந்தது. தடைக்குப் பிறகும் பிராந்தி கிடைத்தது, பீர் கிடைத்தது. ஆனால் “இனித் தொடமாட்டேன்” என்று மாதா முன்னால் நேர்ச்சை வைத்தவர்களும், அப்பனைப் பார்த்தே வெறுத்து ஒருநாளும் தொடாத பிள்ளைகளும் அந்தக் கரையில் உண்டு. அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வேலைக்கூட்டாளியிடம் அதை எப்படிச் சொன்னார், இப்போது எப்படிச் சொல்கிறார் என்பதுதான் இங்கே பேச்சு.

1970-களில் வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. குவைத்திலும் சவுதியிலும் மது சட்டப்படியே கிடையாது. கம்பெனி விருந்து என்றால் பிரியாணி, பெப்சி, முதலாளியோடு ஒரு போட்டோ. ஒளித்துக் காய்ச்சுகிறவர்கள் முகாமுக்கு முகாம் இருந்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் பத்துப் பேர் பார்க்க யாரும் யாருக்கும் ஊற்றவில்லை. குடிக்காதவன் காரணம் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. நாடே அவனுக்காகச் சொல்லிவிட்டது.

கப்பலுக்குப் போனவன்தான் மாட்டிக்கொண்டான். அந்தக் காலச் சரக்குக் கப்பலில் பாண்டட் ஸ்டோர் என்று ஒன்று உண்டு. தீர்வை கட்டாத பீரும் சிகரெட்டும் கேப்டன் பொறுப்பில் பூட்டியிருக்கும், வாங்கியது மாதக் கணக்கில் சம்பளத்தில் பிடிபடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பூமத்திய ரேகை கடக்கும் நாள் என்றால் பின்தளத்தில் பார்பிக்யூ நடக்கும், கேஸ் கேஸாக பீர் மேலே வரும். ஆறு மாதம், ஒன்பது மாதம் இருபது சொச்சம் பேர் ஒரே இரும்புக்குள் வாழ்கிறவர்கள். அங்கே கோப்பையை மறுப்பது நீட்டியவனையே மறுப்பது போலத் தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற ஒரு மாலுமி என்னிடம் சொன்னார்: “வயித்துப் புண்ணுன்னேன், மஞ்சக்காமாலை வந்து போச்சுன்னேன். அடுத்த கப்பல்ல பழைய ஆள் ஒருத்தன் வந்து ‘இன்னுமா ஆறல’ன்னு கேட்டான்.” பொய்க் காரணத்துக்கு ஒரு காலாவதித் தேதி இருக்கிறது. கடல் வேலையில் அது சீக்கிரமே வந்துவிடும்.

இந்த விஷயத்தில் பழைய பிரிட்டிஷ் கடற்படை கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. நாள்தோறும் ரம் பங்கு கொடுத்த அந்தப் படையில் பங்கு வேண்டாதவன் பேருக்கு எதிரே ‘டி’ என்ற ஆங்கில எழுத்தைக் குறித்துவிடுவார்கள். பதிலாக நாளொன்றுக்கு மூன்று பென்ஸ் சம்பளத்தோடு சேரும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். 1970 ஜூலை 31-இல் ரம் பங்கையே நிறுத்தும் வரை இந்த ஏற்பாடு இருந்தது.

வணிகக் கப்பல்களில் காற்று திசை மாறியதற்கு 1989 மார்ச் 24 பெரிய காரணம். அன்று அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறி, கடலெல்லாம் கச்சா எண்ணெய் ஆனது. கேப்டன் கரையில் குடித்துவிட்டு வந்தார் என்பது குற்றச்சாட்டு. போதையில் கப்பலை நடத்தினார் என்பதை ஜூரி ஏற்கவில்லை. ஆனால் எண்ணெய்க் கம்பெனிகள் பயந்துவிட்டன. 2010-இல் மணிலாவில் திருத்தி, 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக மாலுமிப் பயிற்சி விதிகள் எல்லாக் கொடிக் கப்பல்களுக்கும் ஒரு வரம்பு வைத்தன: பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரின் இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பல கம்பெனிகள் அதற்கும் மேலே போய்க் கப்பலையே ‘டிரை ஷிப்’ ஆக்கிவிட்டன. ஊதிப் பார்க்கும் கருவி எப்போது வேண்டுமானாலும் வரும்.

ஆக, கோவிட் காலத்தில் விழிஞ்ஞம் கடலோரத்தில் கப்பலிலிருந்து இறங்கியும் ஏறியும் ஆள் மாறிய மாலுமிகளுக்கு ‘ஏன் குடிக்கவில்லை’ என்ற கேள்வியே பழசாகிப் போயிருந்தது. குடிக்கிறவன்தான் இப்போது விளக்கம் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 11-இல் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் பெரிய கண்டெய்னர் கப்பல் விழிஞ்ஞம் புதிய துறைமுகத்துக்கு வந்தபோது இழுவைப் படகுகள் வானத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி வரவேற்றன. துறைமுக உலகில் பெரிய கொண்டாட்டத்துக்கு இதுதான் மரபு, தண்ணீர்தான்.

ஆனால் இன்று அந்தக் கரையிலிருந்து போகிறவர்கள் கப்பலுக்கு மட்டும் போவதில்லை. அயர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் செவிலியராகப் போகிறார்கள். அங்கே டிரை ஷிப் விதி துணைக்கு வராது. பழைய கேள்வி புதிய இடத்தில் மறுபடி முளைத்திருக்கிறது. அதுவும் மோசமான மாதத்தில். ஐரோப்பிய அலுவலக விருந்துகள் குவிவது டிசம்பரில். கேரளக் கிறித்தவர்களில், குறிப்பாகச் சுரியானி மரபினரில், பலர் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இருபத்தைந்து நாள் நோன்பில் இருப்பது அப்போதுதான். சபரிமலைக்கு மாலை போட்டவரின் மண்டல விரதமும் அதே வாரங்களில்தான் ஓடும்.

அயர்லாந்து மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும், இந்தக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு செவிலியர் சொன்னதை அப்படியே தருகிறேன். வார்டு ஆட்கள் நாலைந்து பேர் பப்புக்குப் போனால் அங்கே ரவுண்டு என்ற முறை நடக்கும். ஒருவர் போய் எல்லாருக்கும் வாங்கிவருவார், அடுத்து இன்னொருவர். குடிக்காதவள் “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று உட்கார்ந்துவிட்டால், ‘தன் முறை வரும்போது காசு எடுக்கமாட்டாள் போல’ என்று அர்த்தமாகிவிடும். அங்கே அவமரியாதை மதுவை மறுப்பதில் இல்லை, ரவுண்டை மறுப்பதில்தான். அதனால் இவர் செய்வது, முதல் ரவுண்டைத் தானே எடுப்பது. கவுண்டருக்குப் போகிறவர் கையில் தன் கோப்பை பற்றிய முடிவும் இருக்கும். மற்றவர்களுக்குக் கேட்டதை வாங்கி, தனக்கு எலுமிச்சைத் துண்டு போட்ட சோடா வாங்கி வந்துவிடுவார். கையில் கோப்பை இருப்பவளை யாரும் துருவுவதில்லை. ‘சியர்ஸ்’ சொல்லும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்துக் கோப்பையை உயர்த்துவார். உள்ளே என்ன என்பது இரண்டாம் பட்சம்.

பிறகும் பக்கத்தில் இருப்பவள் கேட்பாள்: “நீ குடிப்பதில்லையா?” இவருடைய பதில்: “இல்லை, எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை. ஆனா உங்களோட உட்கார்ந்து பேசறது எனக்குப் பிடிக்கும். இந்த ரோஸ்டரை யார் போட்டது, அதைச் சொல்லு முதல்ல.” மூன்று வாக்கியம். முதலாவது மறுப்பு, இரண்டாவது ‘உன்னை மறுக்கவில்லை’ என்பது, மூன்றாவது பேச்சை நகர்த்துவது. “ஒண்ணே ஒண்ணு” என்று மறுபடி வந்தால் முதல் வாக்கியத்தையே சிரித்தபடி திரும்பச் சொல்வார், புதுக் காரணம் சேர்க்கமாட்டார். காரணம் ஒன்று சேர்ந்தால் அதற்கு ஒரு மறுமொழியும் வரும். ‘நோன்பு’ என்றால் “சாமி பார்க்கமாட்டார்”, ‘உடம்பு’ என்றால் “வைன் இதயத்துக்கு நல்லது.”

பொய்யிலும் ஓர் ஆபத்து உண்டு, அது பெண்களுக்கு மட்டும். “மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று சொன்ன கல்யாணமான செவிலியரை மறுநாள் வார்டே வாழ்த்தத் தயாராகிவிடும்!

அதைவிடப் பெரிய தவறு உண்மையை முழுவதுமாகச் சொல்வதுதான் என்பது என் எண்ணம். அப்பாவைப் பற்றி, கரையைப் பற்றி, அம்மா அடகு வைத்த வளையலைப் பற்றி விருந்தில் சொல்ல ஆரம்பித்தால் கோப்பை பிடித்திருக்கும் ஒவ்வொருவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதுபோல நெளிவார்கள். அந்தக் கதைக்கு உரிய இடம் வேறு. இரவு டியூட்டியில் தேநீரோடு, கேட்க விரும்புகிற ஒருவரிடம் சொல்லலாம்.

அந்தச் செவிலியருக்கு ஒரு வயதான சகபணியாளர் இருந்தாராம். பதிலைக் கேட்டதும் “ஓ, பயனியரா நீ?” என்றாராம். 1898-இல் டப்ளினில் ஜேம்ஸ் கலன் என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கிய மதுத்துறப்புச் சங்கம் அது. உறுப்பினர்கள் இயேசுவின் திருஇருதயம் பொறித்த சிறு பின்னைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். அதைப் பார்த்தால் கடைக்காரர்கூட ஊற்றமாட்டார், காரணமும் கேட்கமாட்டார். அங்கேயும் ‘கத்தோலிக்கன், ஆனால் குடிப்பதில்லை’ என்ற மனிதர் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்திருக்கிறார். இன்று அந்தப் பின் அபூர்வமாகிவிட்டது. அதன் இடத்தில் ஜனவரி முழுக்கக் குடிக்காமல் இருக்கும் பழக்கம் வந்திருக்கிறது, 2013-இல் பிரிட்டனில் இயக்கமாகத் தொடங்கியது. ஜெர்மனியில் தவக்காலத்தின் ஏழு வாரம் ஏதாவதொன்றை விட்டு வாழும் இயக்கம் 1983 முதல் உண்டு. நம் நோன்பை விளக்க இவை கைகொடுக்கும். “கிறிஸ்துமஸ் வரைக்கும் விரதம்” என்றால் இப்போது பாதிப் பேருக்குப் புரிகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று விற்கும் பீரில் 0.5 விழுக்காடு வரை இருக்கலாம். நேர்ச்சை வைத்தவரும் முஸ்லிமும் 0.0 என்று அச்சிட்ட பாட்டிலைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கசப்பானது. இந்தப் பேச்சில் பலரிடம் கேட்டதை வைத்துச் சொல்கிறேன். அயல்நாட்டுக் கூட்டாளி பெரும்பாலும் ஒரு தடவை கேட்டு விட்டுவிடுகிறார். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் வற்புறுத்துகிறவர், “அவன் ஊர்ல கோயில் பக்தன்” என்று மேசைக்கே விளக்கம் சொல்கிறவர், நம் ஊர்க்காரர்தான். சேட்டா என்றோ அண்ணன் என்றோ அழைக்கப்படுகிற நீங்கள் அந்த மேசையில் இருந்தால், சோடாக் கோப்பையோடு நிற்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைக்காக நீங்கள் காரணம் சொல்லாதீர்கள். அவன் சொன்னது போதும்.