96 சொல் 32 ஆவது எப்படி?

பிளஸ் ஒன் வகுப்பில் சுருக்கி வரைதல் பாடம் நடத்திய முதல் ஆண்டு, விடைத்தாள்களில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். பாதிப் பேர் பத்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் அப்படியே எழுதி, நடுவில் கண்ணில் பட்ட இரண்டு வாக்கியங்களைச் செருகியிருந்தார்கள். மீதிப் பேர் சொல்லுக்குச் சொல் வேறு சொல் போட்டிருந்தார்கள். முதல் வகையினர் வெட்டினார்கள், இரண்டாம் வகையினர் சாயம் பூசினார்கள். சுருக்கியவர் எவரும் இல்லை. அதன் பிறகு ஒரே பத்தியை வைத்துக்கொண்டு இரண்டு பாடவேளை முழுக்க அதிலேயே உட்கார்ந்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது. அந்தப் பத்தி இது:

“எங்கள் பகுதியில் கண்மாய் என்பது வெறுமனே தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம் அன்று. மழைக்காலத்தில் சேர்ந்த நீர் வயலுக்குப் பாய்வதோடு, மண்ணுக்குள் இறங்கிச் சுற்றியுள்ள கிணறுகளையும் ஊற வைக்கிறது. முன்பெல்லாம் கோடையில் கண்மாய் வற்றியதும் உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அடியில் படிந்த வண்டல் மண்ணை அள்ளித் தம் வயல்களில் கொட்டுவார்கள். வயலுக்கு உரம் கிடைத்தது. கண்மாயும் ஆழம் குறையாமல் இருந்தது. யூரியா, பொட்டாஷ், சூப்பர் பாஸ்பேட் என்று மூட்டை உரங்கள் கடைக்கு வந்த பிறகு வண்டலைத் தேடுவார் இல்லை. அள்ளாத மண் ஆண்டுக்கு ஆண்டு மேடாகியது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்களிலும் புதர் மண்டியது; சில இடங்களில் வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்டன. இப்போது நல்ல மழை பெய்தாலும் கண்மாய் முழுதாக நிறைவதில்லை. நிறைந்தாலும் தை முடிவதற்குள் வற்றிவிடுகிறது. ‘என் அப்பா காலத்தில் பங்குனியிலும் இதில் மீன் பிடித்தோம்’ என்கிறார் ஊர் முதியவர் ஒருவர்.”

எண்ணினால் 96 சொற்கள். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும் என்றால் 32.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுவேன். கையில் பேனா இருந்தால் முதல் வரியிலேயே கோடு போடத் தோன்றும். இங்கே அந்த முதல் வரிதான் பொறி. “வெறுமனே பள்ளம் அன்று” என்பது கருத்து அன்று, கருத்துக்குள் நுழையும் வாசற்படி. ‘பள்ளம் இல்லையென்றால் வேறு என்ன?’ என்ற கேள்விக்கு விடை இரண்டாம் வாக்கியத்தில் இருக்கிறது. படித்து முடித்ததும், பத்தி எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்வேன். “கண்மாயைப் பற்றி ஐயா” என்று முதலில் பதில் வரும். அது தலைப்பு. “கண்மாயைப் பற்றி என்ன சொல்லுது?” என்று திருப்பிக் கேட்டால், கொஞ்ச நேரம் கழித்து யாராவது, “முன்ன நல்லா இருந்த கண்மாய் இப்ப ஏன் சீக்கிரம் வத்துதுன்னு சொல்லுது” என்பார்கள். அதுதான் பிடி. இனி ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தப் பிடியோடு உரசிப் பார்க்கலாம்.

இரண்டாம் வாசிப்பில் பேனா வரும். ஒரு வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டு, ‘கண்மாய் ஏன் வற்றுகிறது’ என்ற கதை அறுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதியவர் மீன் பிடித்த வரியை மறைத்தால் கதை அறுபடவில்லை. அதற்கு முந்தைய வரி சொன்னதையே அவர் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். மாணவர்களுக்கு அந்த வரிதான் மிகவும் பிடிக்கும். அதனாலேயே விட மனம் வராது. ஆனால் மூட்டை உரங்கள் வந்த வரியை மறைத்தால் கதை அறுந்துவிடும். காலகாலமாக மண் அள்ளியவர்கள் திடீரென்று ஏன் நிறுத்தினார்கள் என்பது புரியாமல் போகும். அந்த வரியில் காரணம் இருக்கிறது. யூரியா, பொட்டாஷ் என்ற பட்டியல் வேண்டாம். ‘ரசாயன உரங்கள்’ என்ற ஒரே பொதுப்பெயர் மூன்றையும் ஏந்திக்கொள்ளும்.

இப்படி உரசிய பின் மிஞ்சுபவை ஐந்து. அவற்றை ஓரக் குறிப்பாக, வாக்கியம் ஆகாத துண்டுகளாக மட்டும் எழுத வேண்டும்: பாசனம், நிலத்தடி நீர். வண்டல் அள்ளல் – வயலுக்கு வளம், கண்மாய்க்கு ஆழம். ரசாயன உரம் – அள்ளல் நிற்பு, மேடு. வரத்துக் கால்வாய் அடைப்பு. நிறைவதில்லை, சீக்கிரம் வற்றல்.

குறிப்பைத் துண்டுகளாக வைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முழு வாக்கியமாகக் குறிப்பெடுத்தால் மூலத்தின் வாக்கியமே கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். என் வகுப்பில் ஒரு மாணவி எழுதியது இது: “விவசாயிகள் மாட்டுவண்டி பூட்டி வந்து, கீழே தங்கிய வண்டலை வாரித் தங்கள் கழனிகளில் போட்டார்கள்.” உழவர் விவசாயி ஆனார், வயல் கழனி ஆனது, அள்ளல் வாரல் ஆனது. ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது, நீளமும் குறையவில்லை. பார்த்து எழுதியதுதான், உடுப்பு மட்டும் வேறு.

அதனால் குறிப்பு எடுத்து முடித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். கண்முன் இருப்பது குறிப்பு மட்டுமே என்றால், வாக்கியத்தைத் தானே கட்டியாக வேண்டும். அப்போது வண்டி, அடி, கொட்டுதல் எல்லாம் தாமாகவே உதிர்ந்து, “கோடைதோறும் வண்டல் அள்ளியவரை நிலம் வளம் பெற்றது” என்று வரும். ‘அள்ளியவரை’ என்ற ஒரு சொல், பிறகு அது நின்றுபோனதையும் குறிப்பாகச் சொல்லிவிடுகிறது. இரண்டு வாக்கியங்களை வினையெச்சத்தால் ஒன்றாகக் கோக்கும் வசதி தமிழில் இருக்கிறது. சொந்த நடை என்பது பெரும்பாலும் இப்படிக் கோப்பதில்தான் இருக்கிறது. மாற்றுச் சொல் தேடுவதில் இல்லை.

எல்லாச் சொல்லையும் மாற்றவும் முடியாது. வண்டலை ‘மணல்’ என்று மாற்றி எழுதியவர்கள் உண்டு. மணல் வேறு, வண்டல் வேறு. மணலைக் கொட்டினால் வயலுக்கு வளம் வராது. கண்மாய், வண்டல், வரத்துக் கால்வாய் ஆகியவை அந்தப் பொருளுக்கே உரிய பெயர்கள். அவற்றை அப்படியே வைத்துக்கொள்வது நகல் ஆகாது.

கவனிக்க வேண்டிய வேறு இரண்டு சொற்களும் எங்கள் வகுப்பில் வந்தன. ஒருவன், “பாசனத்துக்குக் கண்மாயே ஆதாரம்” என்று தொடங்கினான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேறு ஆதாரமே இல்லை என்று பத்தி சொல்லவில்லை. அந்த ஒற்றை ஏகாரம் புதிதாக ஒரு செய்தியைச் சேர்த்துவிட்டது. இன்னொருவன், கால்வாய்கள் ‘ஆக்கிரமிப்பால்’ அடைபட்டன என்று எழுதினான். “வீடு கட்டினா ஆக்கிரமிப்புதானே ஐயா?” என்று கேட்டான். இருக்கலாம், ஆனால் பத்தி அந்தத் தீர்ப்பை வழங்கவில்லை. வீடுகளும் கடைகளும் எழுந்தன என்றுதான் சொல்கிறது. சுருக்குபவருக்குச் சொந்தச் சொல் உண்டு, சொந்தக் கருத்து இல்லை. ஆகவே ‘கட்டடங்கள்’ போதும்.

எல்லாரும் சேர்ந்து கடைசியில் கரும்பலகையில் எழுதியது இது:

“கண்மாய் பாசனத்துக்கும் நிலத்தடி நீருக்கும் உதவுகிறது. கோடைதோறும் வண்டல் அள்ளியவரை நிலம் வளம் பெற்றது, கண்மாயும் தூர்ந்துபோகவில்லை. ரசாயன உரங்கள் வந்ததும் இவ்வழக்கம் நின்றது. வரத்துக் கால்வாய்கள் புதர்களாலும் கட்டடங்களாலும் அடைபட்டன. இதனால் கண்மாயின் கொள்ளளவும் நீர்வரத்தும் குறைந்து, தேங்கும் நீர் விரைவில் தீர்ந்துவிடுகிறது.”

சரியாக 32 சொற்கள். முதல் வரைவிலேயே இப்படி வந்துவிடவில்லை. 41 சொற்களில் நின்றது. ‘என்பது’, ‘ஆகும்’, ‘காணப்படுகிறது’ போன்ற சுமைகளை இறக்கித்தான் இந்த அளவுக்கு வந்தோம். ‘கொள்ளளவு’ என்ற சொல் பத்தியில் இல்லை. ஆனால் மண் மேடானால் கொள்ளளவு குறையும் என்பது பத்திக்குள்ளிருந்தே வரும் பொருள். வெளியிலிருந்து கொண்டுவந்தது அன்று. ‘இதனால்’ என்ற சொல்லை மட்டும் இறக்க விடவில்லை. அதை எடுத்தால் ஐந்து கருத்தும் இருக்கும், ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்ற தொடர்பு போய்விடும்.

எழுதியதைத் திருத்த வெளியே எங்கும் தேட வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைப் பட்டியலிட்டிருக்கிறார். அவற்றில் நான்கை நான் மதிப்பெண் போடும் அளவுகோலாகவே வைத்திருக்கிறேன். ஐந்து கருத்தில் ஒன்றை விட்டுவிட்டால் குன்றக் கூறல். ‘ஆக்கிரமிப்பு’ போலப் பத்தி சொல்லாததைச் சேர்த்தால் மிகைபடக் கூறல். “எனவே நாம் அனைவரும் நீர்நிலைகளைக் காப்போம்” என்று முடித்தால் மற்றொன்று விரித்தல். கட்டுரை எழுதிப் பழகிய கை செய்யும் தவறு இது.

நான்காவதுதான் அதிகம் வருவது: சென்று தேய்ந்து இறுதல். தொடக்கம் தடபுடலாக இருக்கும், போகப்போக மெலிந்து மறையும். முதல் இரண்டு கருத்துக்கே 22 சொல்லைச் செலவழித்துவிட்டு, மிச்சமுள்ள பத்தில் மூன்று கருத்தையும் திணிப்பார்கள். விடைத்தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாலே தெரியும். கண்மாயின் பழைய பெருமை நான்கு வரி இருக்கும், அது ஏன் கெட்டது என்பது ஒரு வரி இருக்கும். இதைத் தவிர்க்க, எழுதத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் தோராயமாக இத்தனை சொல் என்று பங்கு போட்டுக்கொள்ளச் சொல்வேன். எங்கள் பலகையில் அந்தப் பங்கு 5, 8, 5, 5, 9 என்று அமைந்தது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. பக்கத்து வகுப்பிலிருந்து பத்தியைப் படிக்காத ஒருவனை அழைத்து, சுருக்கத்தை மட்டும் படிக்கக் கொடுத்து, கண்மாய் ஏன் வற்றுகிறது என்று கேட்பேன். ஒருமுறை வந்த பையன் படித்துவிட்டு, “உரக்கடை வந்ததால ஐயா” என்றான். வகுப்பே சிரித்தது. பிறகு அவன் மண் அள்ளாததையும் கால்வாய் அடைபட்டதையும் வரிசையாகச் சொன்னான். ஒரு கருத்தும் விடுபடவில்லை. மீன் பிடித்த முதியவரைப் பற்றி அவனுக்குக் கடைசி வரை தெரியாது.