‘வேணும்’, ‘வேணாம்’: ஒரு எழுத்தில் மாறும் சரக்கு

“செல்வம் கடைக்கு எழுபது மூட்டை அனுப்ப வேணாம்” என்று மண்டிக்காரர் குரலில் சொல்கிறார். திரையில் “செல்வி கடைக்கு எழுநூறு மூட்டை அனுப்ப வேணும்” என்று வருகிறது. வாக்கியம் பிழையில்லாமல் வாசிப்பதால் சந்தேகமே எழாது, ஆபத்து அங்கேதான். சரியாகக் கேட்காத இடத்தை மென்பொருள் பல நேரம் காலியாக விடுவதில்லை, பொருந்தக்கூடிய சொல்லால் நிரப்பிவிடுகிறது.

எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காதும் அதையே கேட்கும். ஆகவே திரையை மூடி, மெதுவாக ஓடவிட்டு, பெயர், எண், வினைமுடிவு மூன்றையும் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். தமிழில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும்; குரல் தேய்வதும் அங்கேதான். இரைச்சலில் அது புரியாவிட்டால், “செல்வம் கடை, 70 மூட்டை, நிறுத்திவிடட்டுமா அண்ணே?” என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை வண்டியில் ஏற்ற வேண்டாம்.