நீட்: எந்த ஆண்டு வினாத்தாள் முதலில்?

நீட் தேர்வுக்குப் பழைய வினாத்தாளை 2025-இலிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டுதான் 180 கேள்வி, 180 நிமிடம் என்ற முறை திரும்ப வந்தது. கடிகாரம் வைத்து ஒரே அமர்வில் எழுதிப் பாருங்கள்.

2021 முதல் 2024 வரை 200 கேள்விகள். 180-க்கு விடையளித்தால் போதும். கடினமானதை விட்டுவிடும் அந்தச் சலுகை இப்போது இல்லை. அதனால் இந்தத் தாள்களில் கிடைக்கும் மொத்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். பாடவாரியாகப் பிரித்துப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2016 முதல் 2020 வரையிலான தாள்கள் நேரக் கணக்கில் இன்றைய முறையோடு ஒத்துப்போகும். ஆனால் 2024-இல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. வேதியியலில் திண்மநிலை, உயிரியலில் செரிமானம் போன்ற பாடங்கள் நீங்கின. பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து அந்தக் கேள்விகளை அடித்துவிட்டு, மீதிக்கு ஏற்ப நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முந்தைய தாள்களை முழுத் தேர்வாக எழுத வேண்டாம். இயற்பியல் கணக்குகளில் தடுமாறுபவர்கள் அந்தப் பாடத்தின் கேள்விகளை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்த்தால் போதும்.